மூன்றரைப் பவுனும் 28.640 கிராமும்: எந்தக் கடை மலிவு?

வாசகியின் கடிதம்

ஐயா, தங்கை கல்யாணத்துக்கு ஆரம் எடுக்க இரண்டு கடை ஏறி இறங்கினோம். இரண்டிலும் 22 காரட்தான், ஹால்மார்க் இருக்கிறது. அன்றைக்குக் கிராம் 10,000 ரூபாய்.

முதல் கடையில் கல் இல்லாத ஆரம். "மூன்றரைப் பவுன், பவுனுக்கு ஒரு கிராம் சேதாரம், செய்கூலி கிடையாது" என்று வாயால் சொன்னார்கள். இரண்டாவது கடையில் சின்னச் சின்னக் கல் வைத்த ஆரம். அதில் தொங்கிய அட்டையில் ஜி என்ற எழுத்துக்கு எதிரே 28.640, என் என்ற எழுத்துக்கு எதிரே 27.800 என்று இருந்தது. சேதாரம் 9 சதவீதம், செய்கூலி கிராமுக்கு 150 ரூபாய், கல்லுக்கு 4,500 ரூபாய் என்றார்கள்.

28.640ஐ 8 ஆல் வகுத்தால் 3.58 வருகிறது. அப்படியென்றால் மூன்று பவுன் ஐந்தே முக்கால் கிராம் என்கிறார் என் வீட்டுக்காரர். பவுன் என்பது 8 கிராம் இல்லை, 7.988 கிராம்தான் என்று இணையத்தில் போட்டிருக்கிறது. பவுனுக்கு ஒரு கிராம்தானே, அது 9 சதவீதத்தைவிடக் குறைவுதானே என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தக் கடையில் எடுப்பது?

நகை மதிப்பீட்டாளரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் 7.988ஐ ஒதுக்கிவிடுங்கள். அது பிரிட்டிஷ் சவரன் நாணயத்தின் எடை. அந்தத் தங்கக் காசு ஒன்று 7.988 கிராம் இருக்கும், அதுவும் 22 காரட்தான். நம் ஊர் நகைக்கடையில் சவரன் என்றாலும் பவுன் என்றாலும் சரியாக 8 கிராம். இதை நீங்களே சரிபார்க்கலாம். கடைப் பலகையிலும் செய்தித்தாளிலும் கிராம் விலை, சவரன் விலை இரண்டும் போடுகிறார்கள். சவரன் விலையைக் கிராம் விலையால் வகுத்துப் பாருங்கள், 8 தான் வரும். கிராம் 10,000 என்றால் சவரன் 80,000. 7.988 போட்டு மூன்றரைப் பவுனைக் கணக்கிட்டால் வருகிற வித்தியாசம் சுமார் 42 மில்லிகிராம், பணமாக 420 ரூபாய்க்குள்தான். உங்கள் கணக்கில் இதைவிடப் பெரிய ஓட்டைகள் வேறு இருக்கின்றன.

3.58 பவுன் என்பது மூன்று பவுன் ஐந்தே முக்கால் கிராம் அல்ல

உங்கள் வீட்டுக்காரர் செய்த பிழையைப் பலரும் செய்கிறார்கள். வகுத்து வந்த 3.58 என்ற எண்ணில் புள்ளிக்குப் பின்னால் இருப்பது கிராம் இல்லை, பவுனின் பின்னம். பவுனுக்கு எட்டு கிராம் என்பதால் அந்த .58ஐ மறுபடி 8 ஆல் பெருக்க வேண்டும். 0.58 × 8 = 4.64. ஆக 28.640 கிராம் என்பது மூன்று பவுன் நான்கு கிராம் 640 மில்லி. அவர் சொல்கிறபடி மூன்று பவுன் ஐந்தே முக்கால் கிராம் என்றால் 29.750 கிராம் ஆகிவிடும். இல்லாத 1.110 கிராமை இருப்பதாக நினைத்துக்கொண்டு, "இந்தக் கடையில் எடை அதிகமாகத் தருகிறார்கள்" என்று முடிவெடுத்திருப்பீர்கள். அந்த நினைப்பின் விலை தங்கத்தில் மட்டும் 11,100 ரூபாய்.

எதிர்ப்பக்கமும் இதே குழப்பம் வரும். "மூணு பவுன் நாலு கிராம்" என்று வாயால் சொன்னதை வீட்டில் 3.4 என்று குறித்து வைப்பார்கள். மூன்று பவுன் நான்கு கிராம் என்பது 28 கிராம், அதாவது சரியாக மூன்றரைப் பவுன். 3.4 பவுனோ 27.200 கிராம். குறிப்பெடுக்கும்போதே பவுனில் எழுதாமல் கிராமில், புள்ளிக்குப் பின் மூன்று இலக்கத்தோடு எழுதிக்கொண்டால் இந்தத் தொல்லையே கிடையாது. தராசு காட்டுவதும் அப்படித்தான், பில்லில் வருவதும் அப்படித்தான். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி பில்லில் எடை மெட்ரிக் அளவில்தான் இருக்க வேண்டும். பவுன் என்பது பேச்சுக்கு மட்டும்.

முதல் கடையில் சொன்ன "மூன்றரைப் பவுன்" என்பதையும் அப்படியே 28.000 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விற்பனையாளர் கிட்டத்தட்டச் சொல்வார். தராசில் 27.700 காட்டினாலும் 28.350 காட்டினாலும் அவர் வாயில் அது மூன்றரைதான். 28.350 என்றால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் தொகையைவிடச் சேதாரமும் வரியும் சேர்த்து 4,056 ரூபாய் கூடும். ஆகவே அந்த ஆரத்தைத் தராசில் வைக்கச் சொல்லி எடையைக் குறித்துக்கொள்ளாமல் பேரத்தில் இறங்க வேண்டாம்.

பவுனுக்கு ஒரு கிராம் என்றால் பன்னிரண்டரை சதவீதம்

இதுதான் உங்கள் கடிதத்தில் முக்கியமான இடம். ஒரு கிராம் என்று கேட்க சின்னதாகத்தான் தெரியும். ஆனால் எட்டு கிராமுக்கு ஒரு கிராம் என்றால் எட்டில் ஒரு பங்கு, 12.5 சதவீதம். 9 சதவீதத்தைவிடக் குறைவில்லை, மூன்றரை சதவீதம் அதிகம். உங்கள் ஆரத்தின் எடைக்கு அந்த மூன்றரை சதவீதமே 9,800 ரூபாய்.

பவுன் கணக்கில் சொல்லும் சேதாரத்தைச் சதவீதமாக்க வழி சுலபம். மில்லியில் சொன்னதை 80 ஆல் வகுத்தால் போதும். பவுனுக்கு 800 மில்லி என்றால் 10 சதவீதம். 1,200 மில்லி என்றால் 15. செய்கூலியையும் தள்ளுபடியையும் பவுனுக்கு இவ்வளவு ரூபாய் என்று சொன்னால் 8 ஆல் வகுத்துக் கிராமுக்கு ஆக்கிக்கொள்ளுங்கள். "பவுனுக்கு ஆயிரம் ரூபாய் தள்ளுபடி" என்ற பெரிய எழுத்து விளம்பரம் கிராமுக்கு 125 ரூபாய்தான். கிராம் 10,000 விற்கும்போது அது ஒன்றேகால் சதவீதம். சேதாரத்தை இரண்டு சதவீதம் கூட்டி வைத்திருக்கும் கடை இந்தத் தள்ளுபடியைத் தாராளமாகத் தரலாம்.

"செய்கூலி கிடையாது" என்பதையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ஆசாரியின் கூலி எங்கும் போய்விடவில்லை, சேதாரத்துக்குள் இருக்கிறது. இரண்டாவது கடை 9 சதவீதம் சேதாரம், கிராமுக்கு 150 ரூபாய் கூலி என்று பிரித்துச் சொல்கிறது. 10,000 ரூபாய் விலையில் 150 என்பது ஒன்றரை சதவீதம். இரண்டையும் சேர்த்தால் 10.5. முதல் கடையில் 12.5. கல்லை விட்டுவிட்டுத் தங்கத்தை மட்டும் பார்த்தால் இரண்டாவது கடைதான் குறைவு.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சேதாரத்தைக் கிராமில் சொல்வதால், அந்தத் தங்கமும் நகையில் இருப்பதாகச் சிலர் நினைத்துவிடுகிறார்கள். முதல் கடையில் 31.500 கிராமுக்குப் பணம் கட்டுவீர்கள், கையில் வருவது 28 கிராம்தான். நாளைக்கு விற்கப் போனாலும் மாற்றப் போனாலும் அந்த 28க்குத்தான் மதிப்பு.

அட்டையில் இருக்கும் இரண்டு எடை

நீங்கள் அட்டையைக் கவனித்துக் குறித்து வந்தது நல்ல காரியம். ஜி என்பது கல்லோடு சேர்ந்த மொத்த எடை. என் என்பது கல்லைக் கழித்த நிகர எடை, அதாவது தங்கம் மட்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள 840 மில்லிதான் கல். பல அட்டைகளில் கல்லின் எடையைத் தனியாகக் காரட்டில் போட்டிருப்பார்கள். அது தரத்தைச் சொல்லும் 22 காரட் அல்ல, கல்லை நிறுக்கும் அளவு. ஒரு காரட் என்பது 0.200 கிராம், அதனால் 840 மில்லி கல் 4.20 காரட் என்று இருக்கும். மொத்த எடையிலிருந்து 4.20ஐ அப்படியே கழித்துவிடாதீர்கள். கிராமாக்கிவிட்டுக் கழிக்க வேண்டும்.

நீங்கள் 8 ஆல் வகுத்த எண் 28.640, அதாவது மொத்த எடை. வகுக்க வேண்டியது 27.800ஐ. அதைப் பவுனில் சொன்னால் மூன்று பவுன் மூன்று கிராம் 800 மில்லி. உண்மையில் இந்த ஆரத்தில் முதல் கடை ஆரத்தைவிடத் தங்கம் 200 மில்லி குறைவு, தூக்கிப் பார்த்தால் மட்டும் கூடுதல்.

தங்க விலை, சேதாரம், செய்கூலி மூன்றும் நிகர எடைக்குத்தான் போடப்பட வேண்டும். மொத்த எடைக்குப் போட்டுவிட்டு, கல்லுக்கும் தனியாக 4,500 வாங்கினால் நீங்கள் கல்லுக்கு இரண்டு முறை பணம் தருகிறீர்கள், ஒரு முறை தங்க விலையில். உங்கள் ஆரத்தில் இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் வரியோடு 9,560 ரூபாய் கூடும். மதிப்பீட்டுச் சீட்டில் எந்த எடையைக் கிராம் விலையால் பெருக்கியிருக்கிறார்கள் என்பதை விரல் வைத்துப் பாருங்கள்.

இரண்டு ஆரத்துக்கும் கணக்கு

நகைக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம். அது தங்கத்துக்கு மட்டுமல்ல, சேதாரம், செய்கூலி, கல் எல்லாம் சேர்ந்த தொகைக்கு. முதல் ஆரத்தின் எடை சரியாக 28.000 என்றே வைத்துக்கொள்வோம்.

முதல் கடை: தங்கம் 2,80,000. சேதாரம் 3.500 கிராம், 35,000. கூட்டினால் 3,15,000. வரி 9,450. ஆகமொத்தம் 3,24,450 ரூபாய்.

இரண்டாவது கடை: தங்கம் 2,78,000. சேதாரம் 2.502 கிராம், 25,020. செய்கூலி 4,170. கல் 4,500. கூட்டினால் 3,11,690. வரி சுமார் 9,351. ஆகமொத்தம் 3,21,041 ரூபாய்.

பார்த்ததும் இரண்டாவது கடை 3,409 ரூபாய் மலிவு என்று தோன்றும். அங்கே தங்கமும் 200 மில்லி குறைவு என்பதை மறக்கக் கூடாது. எடை வேறு வேறான நகைகளில் மொத்தத் தொகையை வைத்து ஒப்பிட்டால் எப்போதும் இந்தச் சிக்கல் வரும். ஆகவே கடைசியாக ஒரு வகுத்தல் செய்யுங்கள்: மொத்தத் தொகையை நிகர எடையால் வகுத்தால், வீட்டுக்கு வரும் ஒவ்வொரு கிராம் தங்கத்துக்கும் என்ன அடக்க விலை என்று தெரிந்துவிடும்.

முதல் கடையில் அது 11,587.50 ரூபாய். இரண்டாவது கடையில் 11,548. அதாவது கல்லையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், கிராமுக்கு 40 ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. கல்லையும் அதற்கான வரியையும் நீக்கிவிட்டுப் பார்த்தால் இரண்டாவது கடையில் 11,381.50, கிராமுக்கு 206 ரூபாய் குறைவு. முதல் கடை ஆரம் தராசில் 27.700 ஆனாலும் 28.350 ஆனாலும் அதன் 11,587.50 மாறாது என்பதுதான் இந்த வழியின் வசதி. எடை தெரிவதற்கு முன்பே கடையை எடைபோட்டுவிடலாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தங்கைக்குக் கல் வைத்த ஆரம் பிடித்திருந்தால், நிகர எடைக்குத்தான் பில் போடுவார்கள் என்று உறுதிசெய்துகொண்டு இரண்டாவது கடையில் எடுக்கலாம். ஆனால் இந்த மாதிரிப் பொடிக் கல்லுக்குக் கொடுக்கும் 4,500 ரூபாய் திரும்பி வராது, விற்கும்போது கல்லைக் கழித்துவிட்டுத்தான் எடை போடுவார்கள். நாளைக்கு ஒரு அவசரத்துக்கு உதவ வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்திருந்தால் கல் இல்லாத ஆரமே நல்லது. ஆனால் சொன்ன சேதாரத்துக்கு அல்ல. முதல் கடைக்குத் திரும்பப் போய், "பவுனுக்கு 800 மில்லி போட்டால் எடுத்துக்கொள்கிறோம்" என்று கேளுங்கள். 10 சதவீதத்துக்கு இறங்கினால் 28 கிராம் ஆரம் வரியோடு 3,17,240 ரூபாய், கிராமுக்கு 11,330. கல் நீங்கிய இரண்டாவது கடை விலையையும்விட அது குறைவு. வேலைப்பாடு அதிகமான ஆரமாக இருந்தால் அவ்வளவு இறங்க மாட்டார்கள், 900 மில்லியில் நிற்கலாம். 900 என்பது 11.25 சதவீதம் என்று உங்களுக்கு உடனே தெரிந்தால் போதும்.

இரண்டு கடைக்கும் வேறு வேறு நாளில் போனால் விலை மாறியிருக்கும். ஒரே நாளில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றுகூட மாறும். அப்போது பழைய சீட்டின் தொகையை ஒப்பிடாமல், எடையையும் சதவீதத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டுக்கும் ஒரே விலை போட்டுக் கணக்கிடுங்கள். விலை ஏறினால் சதவீதச் சேதாரமும் கூடவே ஏறும். கிராமுக்கு 150 என்று ரூபாயில் சொன்ன கூலி ஏறாது. இரண்டாவது கடைக்கு அது ஒரு சின்னச் சாதகம்.

தராசும் பில்லும்

எடை போடும்போது அட்டையையும் நூலையும் கழற்றச் சொல்லுங்கள். 100 மில்லி என்றாலே ஆயிரம் ரூபாய். நகை வைப்பதற்கு முன் தராசு 0.000 காட்ட வேண்டும். மின்விசிறிக் காற்று பட்டால் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும், அது நின்ற பிறகு படியுங்கள். தராசில் எடையளவுத் துறையின் அந்த ஆண்டு முத்திரை இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அது தொழிலாளர் துறையின் பொறுப்பு, புகாரும் அங்கேதான். கல் பதித்த நகையில் மொத்த எடையைத்தான் தராசு காட்டும். கல்லின் எடை கடைக்காரர் சொல்வதுதான், அதனால் அது பில்லில் எழுத்தில் வர வேண்டும்.

ஹால்மார்க் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது தரத்துக்கான உத்தரவாதம், எடைக்கானது அல்ல. நகையில் பிஐஎஸ் முத்திரை, 22K916 என்ற தரக் குறி, ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஹெச்யூஐடி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க ஹெச்யூஐடி இல்லாத ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. அந்த எண்ணை கடையிலேயே பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள், நகையின் வகையும் தரமும் வரும். உங்கள் கையில் இருப்பது ஆரம், செயலி மோதிரம் என்று காட்டினால் வாங்காதீர்கள். 22K916 இருக்கும் இடத்தில் 18K750 இருந்தால் நீங்கள் ஒப்பிட்ட கணக்கு முழுவதும் செல்லாது. எடை குறைந்த, மலிவான நகை என்று காட்டுவதில் இது இருக்கக்கூடும்.

பில்லில் நகையின் பெயர், நிகர எடை, தரம், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும். கட்டணம் நகைக்கு 45 ரூபாயும் வரியும்தான், அதற்குமேல் ஹால்மார்க் பெயரில் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. "பில் வேண்டாமென்றால் 3 சதவீதம் மிச்சம்" என்று கூறி எஸ்டிமேட் சீட்டை மட்டும் நீட்டினால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பின்னால் தரம் குறைவு என்று சோதனையில் தெரிந்தால், பிஐஎஸ் விதிகள் 2018இன்படி, தரம் குறைந்ததால் வரும் வித்தியாசத் தொகையைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் உங்களுக்குத் தர வேண்டியது கடையின் கடமை. அதைக் கேட்க உங்களிடம் நிகர எடை எழுதிய பில் இருக்க வேண்டும்.